பட்டர் கேக் ஏன் வெடித்தது, ஏன் கனத்தது: ஈசூன் சமையலறையில் ஆறு முறை சுட்ட கணக்கு

முதல் கேக்கை வெட்டியபோது கத்தி அடியில் ஒட்டிக்கொண்டது. மேலே நடுவில் நீளமாக வெடித்து, எரிமலை வாய் போலப் பிளந்து நின்றது. வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் களி போல மஞ்சளாக ஒரு பட்டை. அதற்கு மேலே இருந்த பகுதியும் கனமாக, நெருக்கமாக இருந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "வேகாம எடுத்துட்டியாடா?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முறுக்கோடு பட்டர் கேக்கும் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இதுவரை வெளியே வாங்கினோம். இந்த வருடம் நானே செய்வது என்று முடிவு செய்து, பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்தேன். சனிக்கிழமைக்கு ஒன்று, மொத்தம் ஆறு கேக். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்ததை எல்லாம் நோட்டில் எழுதினேன்.

அளவு கடைசிவரை மாறவில்லை. உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடி சீனி (காஸ்டர் சீனி) 200 கிராம், ஓடு நீக்கிய முட்டை 200 கிராம் (நம் கடைகளில் கிடைக்கும் அளவில் நான்கு முட்டை), கேக் மாவு 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா. நான்கும் சம எடை என்பதுதான் பவுண்ட் கேக்கின் பழைய கணக்கு. டின் 1500 மில்லி தண்ணீர் பிடிக்கும் நீள டின். மாவுக் கலவை அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது.

முதல் வாரம் குறிப்பில் இருந்தபடியே செய்தேன். வெண்ணெயை "அறை வெப்பநிலைக்கு" கொண்டுவரச் சொல்லியிருந்தது. காலையிலேயே எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். ஓவனை 180 டிகிரியில் வைத்து நடுத்தட்டில் சுட்டேன். வந்த கேக்தான் மேலே சொன்னது.

வெடிப்பு, களிப் பட்டை இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சூடு சரியில்லை, அதனால் மேலே வெடித்துவிட்டது, கீழே வேகவில்லை. பார்க்கப் பொருத்தமாக இருந்தது. அக்கா பேக்கிங் பவுடரை இன்னொரு அரைத் தேக்கரண்டி கூட்டச் சொன்னார். அதைச் செய்யவில்லை. பேக்கிங் பவுடர் புதுக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை, அடிக்கும்போது உள்ளே போன காற்றுக் குமிழிகளை ஊத வைக்கிறது, அவ்வளவுதான். குமிழி குறைவாக இருக்கும்போது பவுடரைக் கூட்டினால், இருக்கிற சிலவும் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே ஏறி ஓடிவிடும். மேல் பகுதி இன்னும் வெடிக்கும், நடுவும் உட்கார்ந்துவிடும். தானே உப்பும் மாவு வாங்கி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மேலே ஒரு கரண்டி போட்டால் இரட்டிப்பாகிவிடும்.

இரண்டாம் வாரம் ஓவனை மட்டும் மாற்றினேன். மேசை மேல் வைக்கும் 35 லிட்டர் ஓவன் என்னுடையது, மேலும் கீழும் கம்பி. பேக்கிங் சாமான் கடையில் பத்து வெள்ளிக்குள் ஒரு ஓவன் வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். திருகு 180 காட்டியது, வெப்பமானி 205 காட்டியது. சின்ன ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால், மேல்பகுதிக்கு அதைவிடவும் சூடு கிடைத்திருக்கும்.

வெடிப்பு ஏன் வருகிறது என்பது இங்கேதான் புரிந்தது. நீள டின் ஆழமானது, குறுகலானது. சூடு ஓரங்களிலும் மேல்பரப்பிலும் முதலில் ஏறுகிறது, நடுப்பகுதிக்குக் கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே இருக்கும் ஈரக் கலவை இன்னும் உப்பிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் போக வேறு வழியில்லை, தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. ஓவன் எவ்வளவு சூடோ, தோல் அவ்வளவு சீக்கிரம் இறுகும், பிளவும் அவ்வளவு பெரிதாகும். பிளவின் உள்ளே வெளிர் மஞ்சளாக ஈரக் கலவை வழிந்து காய்ந்திருந்தால், சூடு அதிகம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

திருகை இறக்கி, வெப்பமானி 160 காட்டும் இடத்தில் நிறுத்தினேன். தட்டை ஒரு படி கீழே வைத்தேன். 65 நிமிடம் ஆனது. வெடிப்பு பாதியாகக் குறைந்து, நடுவில் ஒழுங்கான ஒரு பிளவாக நின்றது. வெட்டினால் அதே களிப் பட்டை, அதே கனம்.

இந்த முறை ஒன்று அளந்திருந்தேன். கேக்கை எடுப்பதற்கு முன் சமையல் வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்தபோது 98 டிகிரி. அந்தச் சூட்டில் இந்தக் கேக் முழுவதும் வெந்திருக்கும். ஆக அம்மா சொன்ன "வேகவில்லை" என்பது காரணம் இல்லை. இன்னும் பத்து நிமிடம் வைத்திருந்தால் ஓரம் காய்ந்திருக்கும், பட்டை அப்படியே இருந்திருக்கும். வெடிப்புக்குக் காரணம் ஓவன். கனத்துப்போனதற்குக் காரணம் ஓவனுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிட்டது.

அன்றைக்கு இன்னொரு விஷயமும் அளந்தேன், அதுதான் பின்னால் அதிகம் உதவியது. விளிம்புவரை நிரப்பினால் சரியாக 100 கிராம் தண்ணீர் பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று வீட்டில் இருக்கிறது. சுடுவதற்கு முன் மாவுக் கலவையை அதில் நிரப்பி, மேலே சமமாக வழித்து எடை போட்டேன். 96 கிராம். தண்ணீருக்கும் கலவைக்கும் நான்கு கிராம்தான் வித்தியாசம் என்றால், அதற்குள் காற்று போதவில்லை என்று பொருள். இப்படிச் செய்யும் பட்டர் கேக் கலவை 85 கிராம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாம் வாரம் வெண்ணெய்க்கு வந்தேன்.

வெண்ணெயையும் சீனியையும் அடிக்கும்போது சீனியின் கூர்மையான முனைகள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. அந்தக் காற்று அங்கேயே தங்க வேண்டுமானால் வெண்ணெய் பாதி கெட்டியாக, பாதி இளகலாக இருக்க வேண்டும். 18, 20 டிகிரியில் வெண்ணெயில் இருக்கும் கெட்டிக் கொழுப்புத் துகள்கள் குமிழியைச் சுற்றிச் சுவர் போல நிற்கும். 28, 29 டிகிரியில் பெரும்பகுதி எண்ணெயாகவே இளகிவிடும், சுவர் நிற்காது, அடிக்க அடிக்கக் காற்று உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

கேக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் இருந்து வருகின்றன. அங்கே "அறை வெப்பநிலை" என்றால் 20 டிகிரி. ஈசூனில் என் வீவக வீட்டுச் சமையலறையில் மதியம் 30 டிகிரி. காலையில் இருந்து மேசையில் கிடந்த வெண்ணெயில் விரல் வைத்தால் தடையே இல்லாமல் அடிவரை போனது, மேலே எண்ணெய்ப் பளபளப்பு. குறிப்பு சொன்னதை வார்த்தை மாறாமல் செய்து, அது சொல்ல வந்ததற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறேன். இங்கே இருக்கிற யாருக்காவது இந்தப் பதிவில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் நின்றால் இது நிற்கட்டும்: வெண்ணெயை அறைக்கு விடாதீர்கள், வெப்பமானிக்கு விடுங்கள்.

குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததும் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி, தட்டில் பரப்பி வைத்தேன். இருபது நிமிடத்தில் 17 டிகிரி. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் உள்ளே போகக் கூடாது. பளபளப்பும் இருக்கக் கூடாது. 17இல் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. கை மிக்சர் சுழலும்போது உராய்வாலும் அறைச் சூட்டாலும் வெண்ணெய் மேலும் சூடாகும். நடுவேகத்தில் ஆறு நிமிடம் அடித்து முடித்தபோது 21. எவர்சில்வர் பாத்திரத்தில் அடிப்பது நல்லது, ஏனென்றால் 23ஐத் தாண்டினால் பாத்திரத்தை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் அரை நிமிடம் உட்கார வைத்துக் காப்பாற்றிவிடலாம். சரியாக அடித்த வெண்ணெய் நிறம் வெளுத்து, பொங்கி, கரண்டியில் இருந்து விழாமல் ஒட்டி நிற்கும். என் முதல் இரண்டு வாரங்களில் அது வெளுத்தது உண்மைதான், ஆனால் பளபளவென்று தளர்ந்து பாத்திரத்தின் ஓரத்தில் வழிந்தது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு வெப்பமானி தேவைப்படாது.

அடித்தது அழகாக வந்தது. அப்புறம் முட்டையில் கோட்டை விட்டேன். சூட்டுக்குப் பயந்து முட்டைகளை நேராகக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஊற்றினேன். முதல் இரண்டு சேர்ந்தன. மூன்றாவதில் கலவை பொடிப்பொடியாகி, கெட்ட பால் திரிந்தது போல ஆனது. ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் சின்னச் சின்னத் துளிகளாக வெண்ணெய்க்குள் பிடிபட்டு நிற்க வேண்டும், மஞ்சள் கரு அதைச் சேர்த்துப் பிடிக்க உதவுகிறது. ஐந்து டிகிரி முட்டை வந்து விழுந்தால் வெண்ணெய் இறுகி, தண்ணீரைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறது. மிக இளகிய வெண்ணெயும் அதேபோல விட்டுவிடும், முதல் இரண்டு கேக்கில் நடந்தது அதுதான். பிரிந்த கொழுப்பும் தண்ணீரும் ஓவனில் கீழே இறங்கி மாவோடு சேர்ந்து இறுகுவதுதான் அந்தக் களிப் பட்டை. மாவு போட்டதும் திரிந்தது கண்ணுக்கு மறைந்துவிடும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை. மூன்றாவது கேக்கில் கிண்ணம் 90 கிராம் காட்டியது. முன்பைவிட நன்றாக உப்பியது, பட்டை மெல்லிய கோடாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை.

நான்காம் வாரம் நான்கு முட்டையையும் உடைத்து ஒரு குவளையில் கலக்கி, குழாய்த் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் வைத்தேன். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பானதுதான், வெந்நீர் தேவையில்லை. சில நிமிடத்தில் 21 டிகிரிக்கு வந்தது. வெண்ணெயும் 21, முட்டையும் 21. ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, முழுவதும் கலந்து மறைந்த பிறகு அடுத்த கரண்டி. மொத்தம் எட்டு, ஒன்பது நிமிடம் ஆனது. பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். கடைசிக் கால் பங்கில் கலவை கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரிந்தது. உடனே எடுத்து வைத்திருந்த மாவில் இரண்டு கரண்டி தூவினேன், தண்ணீரை மாவு உறிஞ்சி, கலவை மறுபடி வழவழப்பானது. இந்தத் தந்திரம் திரிய ஆரம்பிக்கும்போது செய்தால்தான் பலிக்கும், முழுதாகத் திரிந்த பிறகு செய்தால் மறைக்க மட்டுமே முடியும்.

கிண்ணம் 83 காட்டியது. சந்தோஷமாகச் சுட்டேன். களிப் பட்டை முற்றிலும் போய்விட்டது. ஆனால் துண்டு உதிர்ந்தது. அங்கங்கே பட்டாணி அளவு ஓட்டைகள், இழை கரடுமுரடாக, கையில் எடுத்தால் பொடியாகக் கொட்டியது. கனம் போய்விட்டது, மென்மை வரவில்லை.

இதற்கான காரணத்தைத் தேடியபோது எனக்குள் இருந்த ஒரு பயம் வெளியே வந்தது. மாவு போட்ட பிறகு அதிகம் கலக்கக் கூடாது, பசைத்தன்மை வந்து கேக் இறுகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால் மாவு கண்ணுக்கு மறைந்த உடனே, இருபது முறை மடித்த அளவில் நிறுத்தியிருந்தேன். கேக் மாவில் புரதம் 8 சதவீதம் அளவில்தான் இருக்கும், மாவுத்துகள்களை வெண்ணெய் வேறு சுற்றி மூடுகிறது. இந்த இரண்டும் சேரும்போது பசை அவ்வளவு சீக்கிரம் உருவாகாது. பிளெயின் மாவு எனப்படும் சாதாரண மைதாவிலோ, மிக்சரிலோ கலந்தால் அந்தப் பயம் நியாயம்தான், அப்போது உள்ளே மேல்நோக்கி நீளும் சுரங்கம் போன்ற துளைகள் வரும். ஆனால் கையால், ஸ்பேட்டுலாவால் மடிக்கும்போது குறைவாகக் கலப்பதுதான் ஆபத்து. குமிழிகள் சமமாகப் பரவாது, மாவு முழுதாக நனையாது, இழையைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இருக்காது.

ஐந்தாம் வாரம் மாவை இரண்டு தவணையாகச் சலித்துப் போட்டு, மறைந்த பிறகும் நிறுத்தாமல், பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே அடியில் இருந்து மேலே எடுத்து மடித்தேன். எண்ணிக்கொண்டே செய்தேன். ஐம்பது வரை கலவை மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. அறுபதைத் தாண்டியதும் மேலே ஒரு மெல்லிய மினுமினுப்பு வந்தது. எழுபதில் ஸ்பேட்டுலாவில் இருந்து ஒரே தொடராக, கனமாக வழுக்கி விழுந்தது. அங்கே நிறுத்தினேன். கிண்ணம் 86. மூன்று கிராம் அளவுக்குக் காற்று போயிருக்கிறது, போனது பெரிய குமிழிகள். டின்னில் ஊற்றி, மேசையில் இரண்டு முறை தட்டி, நடுவில் கொஞ்சம் பள்ளமாகவும் ஓரங்களில் உயரமாகவும் வழித்துவிட்டேன்.

அந்தக் கேக்கை வெட்டியபோது கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. மேலிருந்து அடிவரை ஒரே நிறம், ஊசிமுனை அளவுத் துளைகள், ஒரே மாதிரி. விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்பியது. அம்மா இரண்டாவது துண்டைக் கேட்டார்.

நடுவில் ஒரு மெல்லிய வெடிப்பு மட்டும் இன்னும் இருந்தது. அதைப் பற்றிப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் பேசினேன். ஹரி ராயாவுக்கு வருடந்தோறும் பட்டர் கேக்கும் மார்பிள் கேக்கும் சுடுகிறவர். நீள டின்னில் வெடிப்பே வரக் கூடாது என்று நினைப்பது தப்பு, அது எங்கே வர வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும் என்றார். ஓவனில் வைத்துப் பதினெட்டு, இருபது நிமிடத்தில் மேலே மெல்லிய தோல் படியும். அப்போது எண்ணெயில் தோய்த்த கத்தியால் நடுவில் நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு உடனே கதவை மூடிவிட வேண்டும். உப்புவது அந்தக் கோட்டின் வழியே நேராகத் திறக்கும், அழகாகவும் இருக்கும். தோல் படிவதற்கு முன் இழுத்தால் கோடு மூடிக்கொள்ளும். தாமதித்தால் கேக் தானே ஒரு இடத்தில் பிளந்துவிட்டிருக்கும்.

மேலே ஐசிங் பூசவோ, தட்டையாக வெட்டிப் பெட்டியில் அடுக்கவோ வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. ஆறாம் வாரம் இதைச் செய்து பார்த்தேன். பழைய பருத்தித் துண்டில் டின்னின் உயரத்துக்கு ஒரு பட்டை கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அலுமினியத் தாளில் மடித்து, டின்னைச் சுற்றிக் கட்டினேன். கம்பியில் எங்கும் படாமல் பார்த்துக்கொண்டேன், இது முக்கியம். ஈரம் இருக்கும்வரை ஓரங்கள் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் ஓரமும் நடுவும் கிட்டத்தட்ட ஒன்றாக உயரும். 160 டிகிரியில் 74 நிமிடம் ஆனது, முன்பைவிட ஒன்பது நிமிடம் கூடுதல். மேல்பகுதி ஏறக்குறைய தட்டையாக, வெடிப்பில்லாமல் வந்தது. ஓரத்தின் பழுப்பு நிறம் மட்டும் குறைந்தது. அந்தப் பழுப்பு ஓரத்தின் ருசி எனக்குப் பிடிக்கும் என்பதால், வீட்டுக்குச் செய்யும்போது கத்திக் கோடுதான் போடுகிறேன்.

சூடாக இருக்கும்போது வெட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடம் டின்னில் வைத்து, கவிழ்த்து, இளஞ்சூடாக இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுகிறேன். மறுநாள் ஈரம் எங்கும் சமமாகப் பரவி, இழை இன்னும் நெருங்கி, துண்டு உதிராமல் வரும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சீனியை 140 கிராமாகக் குறைத்து ஒரு கேக் தனியாகச் செய்தேன், அது ஆறில் சேராது. கிண்ணம் 92. சீனி குறைந்தால் காற்றை இழுக்கும் முனைகளும் குறைகின்றன. அதோடு, சீனிதான் முட்டையும் மாவும் இறுகுவதைத் தள்ளிப் போடுகிறது, அது இல்லாமல் மேல்பகுதி சீக்கிரம் இறுகிப் பெரிதாக வெடித்தது. 170க்குக் கீழே போனால் இந்த முறையில் நல்ல இழை கிடைப்பதில்லை. அப்பாவுக்கு இப்போது 170 கிராம் கேக்கில் மெல்லிய துண்டாக வெட்டிக் கொடுக்கிறேன்.

அடுத்து, பாலுக்குப் பதில் பாண்டான் சாறும் தேங்காய்ப் பாலும் சேர்த்து 60 மில்லி ஊற்றிப் பார்த்தேன். முட்டை முடிந்த உடனே மொத்தமாக ஊற்றியதில் திரிந்துவிட்டது. மறுவாரம் மாவில் பாதி, சாறு முழுவதும், மீதி மாவு என்ற வரிசையில் மடித்தேன். திரியவில்லை, கிண்ணம் 87, பச்சை நிறம் அடிவரை சமமாக வந்தது. தீபாவளிக்கு அதில் இரண்டு டின் சுடப் போகிறேன், மாவு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.